நெஞ்சு வலிக்காத மாரடைப்பு: 3 பெண்களில் தொடங்கின ஒரு கதை

'மாரடைப்பு'ங்கிற சொல்லை ஒரு தடவை பிரிச்சுப் பாருங்க. மார், அடைப்பு. நோய் எங்கே வரும், எப்படி இருக்கும் ரெண்டையுமே பேரே சொல்லிடுது. மிச்சத்தை நம்ம சினிமா சொல்லிக் கொடுத்திருக்கு. அதிர்ச்சியான ஒரு செய்தி வரும், அப்பா கேரக்டர் இடது கையால நெஞ்சைப் பிடிப்பார், முகம் கோணும், சாய்வார். மாரடைப்புன்னா இப்படித்தான் இருக்கும்னு நம்ம எல்லாருக்குள்ளயும் ஒரு படம் பதிஞ்சு கிடக்கு.

அந்தப் படம் பொய்யில்லை. ஆனா அது ஒரு குறிப்பிட்ட வகை மனுஷனைப் பார்த்து வரைஞ்ச படம். அதை யாரைப் பார்த்து வரைஞ்சாங்க, அதுக்குள்ள வராதவங்களை மருத்துவம் எப்போ கண்டுபிடிச்சுது, அந்தத் தாமதத்தோட விலை என்னங்கிறதுதான் இன்னைக்கு எபிசோடு.

இதை நான் எடுத்ததுக்குக் காரணம் இருக்கு. எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல, வத்திராயிருப்பு தாண்டிப் போனா பிளவக்கல் அணை வரும். அந்தப் பக்கத்துப் பிள்ளைங்க பாதிப்பேர் இப்போ சென்னையிலயும் பெங்களூருலயும் இருக்கோம். ஊர்ல அம்மாவும் அத்தையும் பெரியம்மாவும் இருக்காங்க, அதுல நிறையப் பேருக்கு சுகர். அவங்களுக்கு உடம்பு சரியில்லைங்கிற தகவல் நமக்கு போன்லதான் வருது. அப்போ என்ன கேட்கணும்னு தெரிஞ்சிருக்கணும். அதுக்கு இந்த வரலாறு உதவும்.

லண்டன், 1768

1768 ஜூலையில் லண்டன்ல இருக்கிற ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் அமைப்புல வில்லியம் ஹெபர்டன்ங்கிற மருத்துவர் ஒரு கட்டுரை படிக்கிறார். 1772-ல் அது அச்சாகுது. நடக்கும்போது, அதுவும் மேடு ஏறும்போது, சாப்பிட்ட உடனே நடக்கும்போது நெஞ்சுல ஒரு நெரிசல் வருது. நின்னா போயிடுது. இதுக்கு அவர் 'ஆஞ்ஜைனா பெக்டோரிஸ்'னு பேர் வச்சார். நெஞ்சில் ஏற்படும் நெரிப்புன்னு அர்த்தம். இன்னைக்கும் மருத்துவர்கள் ஆஞ்ஜைனான்னு சொல்றது அதைத்தான்.

அற்புதமான வர்ணனை அது. 250 வருஷம் கழிச்சும் அதுல திருத்த வேண்டியது ரொம்பக் குறைவு. ஆனா அதுக்குள்ள ஒரு கணக்கு இருக்கு. இந்த நோயோட கிட்டத்தட்ட 100 பேரைப் பார்த்திருக்கேன்னு பின்னால அவர் எழுதுறார். அதுல பெண்கள் 3 பேர், 12 வயசுப் பையன் ஒருத்தன். மத்த எல்லாருமே 50 வயசை ஒட்டின, இல்லை தாண்டின ஆண்கள்.

ஏன் 3 பேர் மட்டும்? ஒரு காரணம் உண்மையிலேயே உடம்பு சார்ந்தது. மாதவிடாய் நிக்கிற வரைக்கும் பெண்களுக்கு இதய ரத்தக்குழாய் நோய் குறைவு. ஆண்களை விடச் சராசரியா 10 வருஷம் பிந்தித்தான் அவங்களுக்கு வருது. ஆனா இன்னொரு விஷயத்தையும் யோசிச்சுப் பாருங்க. நெஞ்சு நெரிக்குதுன்னு சொன்னவங்களைத்தான் அவர் எண்ணினார். அந்தப் பட்டியலுக்குள்ள வரணும்னா நெஞ்சு நெரிக்கணும், அதுதான் நுழைவுச்சீட்டு. வெறும் மூச்சுத்திணறலோட, வாந்தியோட, தாங்க முடியாத அசதியோட வந்தவங்க வேற நோய்ப் பேருக்குக் கீழே போயிருப்பாங்க. வலியை வச்சு நோயை வரையறுத்தா, வலி இல்லாதவங்க அந்த நோயாளியே இல்லைன்னு ஆயிடும்.

அடுத்த பெரிய கட்டம் 1912. சிகாகோவுல ஜேம்ஸ் ஹெரிக்ங்கிற மருத்துவர், இதயத்துக்குப் போற குழாய் திடீர்னு அடைபட்டா உடனே சாவுதான்னு இல்லை, ஆள் சில மணி நேரமோ, சில நாளோ, ஏன் அதுக்கு மேலயும் பிழைச்சிருக்க முடியும்னு எழுதினார். இன்னைக்கு நாம மாரடைப்புன்னு சொல்ற நோயோட வடிவம் அங்கேதான் தெளிவாகுது. அவர் விவரிச்ச முக்கியமான நோயாளி 55 வயசு ஆண். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல நெஞ்சோட கீழ்ப்பகுதியில் கடுமையான வலி, குமட்டல். சாப்பிட்டது ஒத்துக்கலைன்னு நினைச்சு, அந்த மனுஷன் தொண்டையைச் சீண்டித் தானே வாந்தி எடுத்தாராம். ரெண்டு நாளைக்குக் கொஞ்சம் கூடுதலா உயிரோட இருந்துட்டு இறந்துபோனார். அதாவது பாடப்புத்தக நோயாளியே முதல்ல 'கேஸ்'னுதான் நினைச்சிருக்கார்.

ஈ.சி.ஜி. சொன்ன சாட்சி

அது வரைக்கும் நோயாளி வாயால சொன்னதுதான் ஆதாரம். அதை மாத்தினது ஈ.சி.ஜி. இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போனா அங்கே தழும்பு உண்டாகும். அந்த இடத்துல மின்சாரம் ஓடாது. ஈ.சி.ஜி. தாளில் அது 'க்யூ அலை'ன்னு ஒரு தடமா நிக்கும். நோயாளி மறந்திருந்தாலும், அவருக்குத் தெரியவே தெரியாம இருந்தாலும் தாள் காட்டிக்கொடுக்கும்.

1948-ல் அமெரிக்காவுல ஃப்ரேமிங்ஹாம்ங்கிற சின்ன ஊர்ல 5,209 பேரைச் சேர்த்து ஒரு ஆய்வு தொடங்கினாங்க. அதுல பாதிக்கு மேல பெண்கள். 2 வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரையும் கூப்பிட்டு, நல்லா இருக்கேன்னு சொல்றவங்களுக்கும் ஈ.சி.ஜி. எடுத்தாங்க. 30 வருஷத் தரவை வச்சு கானலும் ஆபட்டும் 1984-ல் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. மொத்தம் 708 மாரடைப்பு. அதுல கால்வாசிக்கும் மேல யாருக்குமே தெரியாம வந்து போயிருக்கு. போன தடவை இல்லாத தடம் இந்தத் தடவை தாளில் இருந்ததாலதான் அது தெரிஞ்சது. ஆண்களுக்கு வந்ததுல 28 சதவீதம், பெண்களுக்கு வந்ததுல 35 சதவீதம் இந்த மாதிரி.

இதுல இன்னொரு நுட்பம் உண்டு. தெரியாமப் போனதுல ஏறக்குறைய பாதி உண்மையிலேயே மௌனமானது, எந்தத் தொந்தரவும் இல்லை. மீதிப் பேருக்கு ஏதோ இருந்திருக்கு. ஆனா அதை அவங்களும் இதயம்னு நினைக்கலை, மருத்துவரும் நினைக்கலை. நாம கவலைப்பட வேண்டியது இந்த ரெண்டாவது கூட்டத்தைப் பத்தித்தான். அவங்க உடம்பு ஏதோ சொல்லியிருக்கு, ஆனா அந்தப் பேச்சு யாருக்கும் புரியலை.

நம்ம ஊர்லயும் இப்படி ஒரு சாட்சி இருக்கு. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழு, 2 குடியிருப்புப் பகுதிகள்ல வீடு வீடாப் போய் ஒரு ஆய்வு செஞ்சாங்க, 2001-ல் வெளியானது. ஈ.சி.ஜி. எடுத்தவங்க 1,175 பேர். மாரடைப்பு வந்ததா ஏற்கெனவே மருத்துவப் பதிவு இருந்தவங்க 1.2 சதவீதம். அப்படி எந்தப் பதிவும் இல்லாம, தாளில் மட்டும் க்யூ அலை இருந்தவங்க 1.3 சதவீதம். எல்லா க்யூ அலையும் பழைய மாரடைப்புன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனாலும் தெரிஞ்ச ஒவ்வொருத்தருக்கும் பக்கத்துல தெரியாத ஒருத்தர் நிக்கிறார்ங்கிற அளவுக்கு அந்தக் கணக்கு நெருங்கி வருது. அதே ஆய்வுல, சுகர் இல்லாதவங்கள்ல 9.1 சதவீதம் பேருக்கு இதயக்குழாய் நோய் அடையாளம் இருந்தது. சுகர் இருந்தவங்கள்ல அது 21.4 சதவீதம்.

சுகர் ஏன் வலியைத் திருடுது?

இதயத்துக்குன்னு தனியா, இடத்தைத் துல்லியமாச் சொல்ற வலி நரம்பு இல்லை. அதோட உணர்வு நரம்புகள் தண்டுவடத்தோட மேல்பகுதியில் போய்ச் சேருது. கை, தோள், மேல்முதுகுலருந்து வர்ற நரம்புகளும் அதே இடத்துக்குத்தான் வருது. அதனால மூளை குழம்புது. கஷ்டம் இதயத்துக்கு, ஆனா வலி தோள்லயோ, ரெண்டு தோள்பட்டை எலும்புக்கு நடுவுலயோ, தாடையிலயோ தெரியுது. இதயத்தோட அடிப்பகுதி வயிற்றுக்கு மேலே இருக்கிற உதரவிதானத்துமேல உக்காந்திருக்கு. அங்கே அடைப்பு வந்தா வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு குமட்டல், வாந்தி, குளிர்ந்த வியர்வை வரும். ஆள் வயிற்றைத்தான் பிடிப்பார்.

இது எல்லாருக்கும் பொது. சர்க்கரை நோய் இதோட இன்னொன்னைச் சேர்க்குது. பல வருஷம் சர்க்கரை கூடுதலா இருந்தா மெல்லிய நரம்புகள் கெட்டுப்போகும். பாதத்துல மதமதப்பு, செருப்பு கழண்டு விழுந்தது தெரியாமலே நடக்கிறது, முள் குத்தினது தெரியாம இருக்கிறது, இதெல்லாம் நாம பார்த்திருப்போம். கால்ல நடக்கிற இதே விஷயம் இதயத்தோட நரம்புலயும் நடக்கலாம். 1962-ல் பிராட்லியும் ஷோன்ஃபீல்டும் மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகளையும் மத்தவங்களையும் ஒப்பிட்டு, சுகர் இருக்கிறவங்களுக்கு வலி குறைவாவோ இல்லாமலோ வர்றது ரொம்ப அதிகம்னு காட்டினாங்க. 1977-ல் ஃபேர்மன் குழு ஒரு படி மேலே போச்சு. வலியில்லாத மாரடைப்புல இறந்த சர்க்கரை நோயாளிகளோட இதயத்தை நுண்ணோக்கியில் பார்த்தாங்க. நரம்பு இழைகள் மணிமணியாத் தடிச்சு, அங்கங்கே அறுந்து கிடந்தது. தீ எரியுது, அலாரமும் இருக்கு, ஆனா ரெண்டுக்கும் நடுவுல போற ஒயர் அரிச்சுப்போச்சு.

வீட்டில் இருக்கிறவங்களுக்கு அந்த ஒயர் அரிச்சிருக்குமான்னு எப்படிச் சந்தேகப்படறது? சுகர் வந்து 10, 15 வருஷம் ஆயிருந்து, கால்ல மதமதப்பு இருந்து, படுத்து எழுந்து நின்னா கிறுகிறுன்னு வந்து, சும்மா உக்காந்திருக்கும்போதே நாடித்துடிப்பு 100-க்கு மேல ஓடினா, இதயத்து நரம்பும் பாதிச்சிருக்க வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்டவங்க விஷயத்துல 'நெஞ்சு வலிக்கலையே'ங்கிறதை ஆறுதலா எடுத்துக்கவே கூடாது.

பெண்களை எண்ணாத காலம்

1970, 80-கள்ல நடந்த பெரிய ஆய்வுகளைப் பார்த்தா ஒரு விஷயம் உறுத்தும். ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் மூணையும் குறைச்சா இதயநோய் குறையுமான்னு பார்த்த அமெரிக்க ஆய்வுல 12,866 பேர். அத்தனை பேரும் ஆண்கள். ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமான்னு பார்த்த ஆய்வுல 22,071 மருத்துவர்கள். அவங்களும் ஆண்கள் மட்டும்தான்.

1991-ல் பெர்னடின் ஹீலி, ஒரு இதயநோய் மருத்துவர், அமெரிக்காவோட தேசிய சுகாதார நிறுவனத்துக்கு முதல் பெண் இயக்குநரா ஆன வருஷம், 'யென்ட்ல் சிண்ட்ரோம்'னு ஒரு தலையங்கம் எழுதினார். ஐசக் பாஷெவிஸ் சிங்கரோட கதையில் வர்ற பெண் யென்ட்ல். வேதம் படிக்கணும்ங்கிறதுக்காக ஆண் வேஷம் போடறவள். ஆஸ்பத்திரியில் பெண்களுக்கும் அதே நிலைமைன்னார் ஹீலி. ஆணைப் போலவே நோயைக் காட்டினாத்தான் ஆணுக்குக் கிடைக்கிற சிகிச்சை கிடைக்குதுங்கிறது அவர் வாதம்.

2003-ல் மெக்ஸ்வீனிங்கிற செவிலியர் ஆய்வாளர் ரொம்ப எளிமையான ஒரு வேலை செஞ்சார். மாரடைப்பு வந்து பிழைச்ச 515 பெண்களைக் கேட்டார். மாரடைப்பு வந்த நேரத்துல 43 சதவீதம் பேருக்கு நெஞ்சுல எந்தத் தொந்தரவும் இல்லை. அதிகமாச் சொன்னது மூச்சுத்திணறல், அடுத்து பலவீனம். இதைவிட முக்கியமானது, மாரடைப்புக்கு முந்தின வாரங்கள் பத்தி அவங்க சொன்னது. 70 சதவீதம் பேர் வழக்கத்துக்கு மாறான அசதின்னாங்க. கிட்டத்தட்ட பாதிப்பேருக்குத் தூக்கம் கெட்டிருந்தது.

ஒண்ணை இங்கே நியாயமாச் சொல்லிடணும். பெண்களுக்கு நெஞ்சு வலியே வராதுங்கிற மாதிரி இப்போ ரீல்ஸ்ல சுத்துது. அது தப்பு. பெரும்பாலான பெண்களுக்கும் நெஞ்சுல ஏதோ ஒரு அழுத்தமோ, இறுக்கமோ, எரிச்சலோ இருக்கும். 2012-ல் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க நோயாளிகளோட தரவைப் பார்த்தப்போ, நெஞ்சு வலி இல்லாம வந்த பெண்கள் 42 சதவீதம், ஆண்கள் 31 சதவீதம். வித்தியாசம் உண்மைதான், ஆனா 10 ஆண்கள்ல 3 பேருக்கும் வலி இல்லைங்கிறதைக் கவனிங்க. வயசு ஏற ஏற இந்த ஆண், பெண் இடைவெளி சுருங்குது. இளம் வயசுப் பெண்கள்கிட்டதான் அது பெருசா இருக்கு.

இந்தத் தாமதத்தோட விலை என்ன? 2000-ல் கான்டோ குழு 4,34,877 நோயாளிகளைப் பார்த்தது. மூணுல ஒருத்தருக்கு நெஞ்சு வலி இல்லை. அவங்க ஆஸ்பத்திரிக்கு வர சராசரியா 7.9 மணி நேரம் ஆச்சு, வலி இருந்தவங்களுக்கு 5.3 மணி நேரம். வந்த பிறகும், அடைப்பைத் திறக்கிற சிகிச்சை அவங்களுக்குக் குறைவாத்தான் கிடைச்சது. ஆஸ்பத்திரியிலேயே இறந்தவங்க, வலி இருந்தவங்கள்ல 9.3 சதவீதம், இல்லாதவங்கள்ல 23.3 சதவீதம். இவங்களுக்கு வயசும் கூடுதல், சுகரும் கூடுதல், அதனால முழு வித்தியாசத்தையும் தாமதத்து மேல போட முடியாது. ஆனா தாமதம் ஒண்ணுதான் நம்ம கையில் இருக்கு.

பிளவக்கல் அடிவாரத்துல ஒரு விடியக்காலை

இப்போ இந்த வரலாற்றை நம்ம ஊருக்குக் கொண்டுவருவோம். இது நடந்த கதை இல்லை, நான் கட்டிக்கிற ஒரு உதாரணம். பிளவக்கல் அணைக்குக் கீழே தென்னந்தோப்பு வேலைக்குப் போற ஒரு அம்மா. 64 வயசு. சுகர் வந்து 15 வருஷம், மாத்திரை சாப்பிடறாங்க. கால்ல மதமதப்பு உண்டு. மக சென்னையில்.

2 வாரமாவே அவங்களால தண்ணிக் குடத்தைத் தூக்கிட்டு ஒரே மூச்சுல வீடு வர முடியலை, பாதியில இறக்கி வைக்கிறாங்க. ராத்திரி தூக்கம் இல்லை. வயசாச்சு, வெயில் ஜாஸ்தின்னு அவங்களே சமாதானம் சொல்லிக்கிறாங்க. ஒரு நாள் விடியக்காலை 5 மணி. உடம்பெல்லாம் தெப்பமா வேர்க்குது. ஒரு வாந்தி. மூச்சு வாங்குது. பக்கத்து வீட்டு மதினி ஓமத்தண்ணி காய்ச்சித் தர்றாங்க. கடையில் கேஸ் மாத்திரை ஒண்ணு. ஏப்பம் வந்ததும் கொஞ்சம் தேவலைன்னு தோணுது. 7 மணிக்கு மக போன் பண்றா.

"என்னம்மா, குரலே ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல தாயி, மேலுக்கு முடியல. வாயுதான். நீ வேலைக்குக் கிளம்பு."

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்லத்தா, வலியெல்லாம் ஒண்ணுமில்ல."

பாதிப்பேர் இங்கே போனை வச்சிடுவோம். ஏன்னா ஹெபர்டனோட கேள்வியைக் கேட்டுட்டோம், 'இல்லை'ன்னு பதில் வந்திருச்சு. இவங்களுக்கு அது சரியான கேள்வியே இல்லை. கேட்க வேண்டியது வேற. எப்போ ஆரம்பிச்சது? வேர்த்துச்சா? நாலு எட்டு நடந்தா மூச்சு வாங்குதா? ஒரு மாசத்துக்கு முன்னாடி செஞ்ச வேலையை இப்போ செய்ய முடியுதா? தாடை, தோள், நடுமுதுகு, மேல்வயிறு எங்கேயாவது பிடிச்ச மாதிரி, பாரமா இருக்கா? 'வலி'ன்னு கேட்டா இல்லைன்னு சொல்றவங்க, 'பாரமா இருக்கா, அடைக்குதா, கரிக்குதா'ன்னு கேட்டா ஆமான்னு சொல்றது உண்டு. இதுல புதுசா, திடீர்னு, ரெண்டு மூணு ஒண்ணா வந்திருந்தா அது ஈ.சி.ஜி. எடுக்க வேண்டிய விஷயம்.

ஏப்பம் வந்து தேவலையானது எதையும் நிரூபிக்காது. கேஸ் மாத்திரையில் கொஞ்சம் அடங்கினதுங்கிறதை வச்சு இதயம் இல்லைன்னு மருத்துவரே முடிவு பண்ண முடியாது, மாரடைப்போட அறிகுறியும் ஏறி இறங்கும்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தா உடனே ஒண்ணு பார்க்கலாம். சர்க்கரை நோயாளிக்குத் திடீர்னு வேர்த்தா முதல் சந்தேகம் சர்க்கரை இறங்கினது. 70-க்குக் கீழே இருந்தா சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுத்து 15 நிமிஷத்துல திரும்பப் பார்க்கணும். அளவு சரியான பிறகும் வேர்வையும் மூச்சுத்திணறலும் போகலைன்னா சந்தேகம் இதயத்துக்கு மாறுது. நம்ம அம்மாவுக்கு 190 காட்டுதுன்னு வச்சுக்குவோம். அப்போ இந்த வேர்வைக்கு சர்க்கரை இறங்கினது காரணம் இல்லை. இனி காத்திருக்க ஒண்ணுமில்லை. மாரடைப்போட அழுத்தத்துல சர்க்கரை ஏறவும் செய்யும், அதனால 'சுகர் ஏறிடுச்சு, அதான்'னு அதோட நிறுத்திடக் கூடாது.

அடுத்தது 108. பைக்ல நடுவுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறது வேண்டாம், அவங்களை நடக்கவும் விடவேண்டாம். போற இடத்துல சொல்ற முதல் வாக்கியம் முக்கியம். 'வாந்தி, வாயுத் தொந்தரவு'ன்னு சொன்னா வயிற்றுக்கு ஊசி போட்டு உக்கார வச்சிடலாம். 'அம்மாவுக்கு 64 வயசு, 15 வருஷமா சுகர், 5 மணியிலருந்து வேர்வையும் மூச்சுத்திணறலும், ஈ.சி.ஜி. எடுங்க'ன்னு சொன்னா வரிசை மாறிடும். வந்த 10 நிமிஷத்துக்குள்ள ஈ.சி.ஜி. எடுக்கணும்ங்கிறதுதான் உலகம் முழுக்க இருக்கிற நெறிமுறை.

முதல் ஈ.சி.ஜி. நார்மலா இருந்தா? அதோட வீட்டுக்குப் போயிடக் கூடாது. அடைப்பு முழுசா ஆகாம விட்டு விட்டு இருந்தா, அந்த நிமிஷத்துத் தாளில் தெரியாமப் போகலாம். தொந்தரவு தொடர்ந்தா 15 நிமிஷம், அரை மணி நேர இடைவெளியில் திரும்ப எடுப்பாங்க. கூடவே ட்ரோபோனின்னு ஒரு ரத்தப் பரிசோதனை. இதயத் தசை சேதமானா ரத்தத்துல கலக்கிற புரதம் அது. அது ஏற சில மணி நேரம் ஆகும், அதனால ரொம்ப சீக்கிரம் எடுத்த ஒரே ஒரு நெகட்டிவ் போதாது, இடைவெளி விட்டு ரெண்டாவது தடவை பார்க்கணும்.

ஈ.சி.ஜி.யில் முழு அடைப்பு தெரிஞ்சா அங்கிருந்து ஓட்டம் கடிகாரத்தோட. ஒண்ணு, கட்டியைக் கரைக்கிற ஊசி. இல்லைன்னா கேத் லேப் இருக்கிற ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோபிளாஸ்டி. மலையடிவாரத்துலருந்து மதுரைக்குப் போக ரெண்டு மணி நேரம் பக்கத்துல ஆகும். அதனால ஊசியைப் போட்டுட்டு அனுப்பலாமா, நேரா அனுப்பலாமாங்கிறது முதல் ஈ.சி.ஜி. எவ்வளவு சீக்கிரம் எடுத்தாங்கங்கிறதைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் 2023 ஜூன்ல தொடங்கின 'இதயம் காப்போம்' திட்டத்துல, ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் துணை சுகாதார நிலையத்துலயும் மாரடைப்பு சந்தேகம் வந்தவங்களுக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் முதல் டோஸ் கொடுத்துட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறாங்க. பக்கத்துல எது இருக்கோ அங்கே போனாலே ஒரு சிகிச்சை தொடங்குதுன்னு அர்த்தம். ஆனா யாராவது சந்தேகப்பட்டாத்தான் அந்த மாத்திரை வெளியே வரும்.

சந்தேகப்படறதுலதான் நம்ம நாடு நேரத்தைத் தொலைக்குது. 2008-ல் வெளியான 'கிரியேட்'ங்கிற இந்தியப் பதிவேட்டில் 20,468 நோயாளிகள். அறிகுறி தொடங்கி ஆஸ்பத்திரி வாசல் மிதிக்க நடுத்தர நேரம் 360 நிமிஷம். உள்ளே வந்த பிறகு ஊசி போட 50 நிமிஷம்தான். 6 மணி நேரம் வீட்டுலயும் வழியிலயும் போயிருக்கு. வலி இருக்கிறவங்களையும் சேர்த்த கணக்கு இது.

நம்ம உதாரணத்து அம்மாவுக்கு 5 மணிக்குத் தொடங்கிச்சு, 7 மணிக்கு மக போன் பண்ணினா. அவ சரியான கேள்வியைக் கேட்டிருந்தா 8 மணிக்குள்ள ஒரு ஈ.சி.ஜி. தாள் கையில் இருக்கும். கேட்காம விட்டிருந்தா, சாயங்காலம் மூச்சு முட்டி படுக்க முடியாம உக்காந்திருக்கும்போதுதான் ஊர் கூடும். அப்போ தசையில் பெரும்பகுதி போயிருக்கும்.

எல்லா அசதியும் மாரடைப்பு இல்லை, எல்லா ஏப்பமும் ஆபத்து இல்லை. வருஷக்கணக்கா ஒரே மாதிரி இருக்கிற முதுகுவலியைப் பத்திப் பேசலை. புதுசா வந்தது, வேலை செஞ்சா கூடறது, வேர்வையோடவோ மூச்சுத்திணறலோடவோ சேர்ந்து வந்தது, இதைப் பத்தித்தான் பேசுறோம். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து ஒண்ணுமில்லைன்னா, ஒரு காலைப்பொழுது போச்சு, அவ்வளவுதான்.

ஹெபர்டன் கேட்ட கேள்வி தப்பில்லை. அவர் முன்னாடி உக்காந்திருந்தவங்களுக்கு அது பொருந்துச்சு. நம்ம முன்னாடி, போனுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க வேற ஆள். அவங்ககிட்ட 'வலிக்குதா'ன்னு கேட்டதோட நிறுத்தாம, 'நேத்து முடிஞ்சது இன்னைக்கு ஏன் முடியலை'ன்னும் கேளுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.